நீர் முறையும் பசளையும்: வயற் பரிசோதனையின் வடிவமைப்பைப் பந்தியில் எப்படி எழுதுவது?

பயிர்_நிலா

எல்லாருக்கும் வணக்கம். வட்டக்கச்சிப் பக்கம், இரணைமடுத் தண்ணி பாயிற ஒரு வயலில சிறுபோகத்தில நெல்லுப் பரிசோதனை ஒன்று செய்தனான். கட்டுரையை ஒரு பயிர் விஞ்ஞான இதழுக்கு அனுப்பினேன். மதிப்பாய்வாளர் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறார்: "வடிவமைப்பு பற்றிய விவரணமும் பகுப்பாய்வும் பொருந்தவில்லை, பந்தியைத் திருத்தி எழுதவும்." எங்கே பொருந்தவில்லை என்று எனக்குப் பிடிபடவில்லை. பந்தியைத் தமிழிலேயே தருகிறேன், இங்கே பேசித் தெளிந்த பிறகு ஆங்கிலத்தில எழுதிக்கொள்ளுவன்.

> இரண்டு நீர் முறைகளும் (தொடர்ந்து வெள்ளம் நிறுத்துதல், காயவிட்டுப் பாய்ச்சுதல்) நான்கு நைதரசன் அளவுகளும் (ஹெக்ரெயருக்கு 0, 50, 100, 150 கிலோ) எழுமாற்று முழுத்தொகுதி வடிவமைப்பில் நான்கு மீள்செய்கைகளுடன் பரிசோதிக்கப்பட்டன. புளொட்டின் அளவு 12 சதுர மீற்றர். ஒவ்வொரு புளொட்டிலும் ஐந்து இடங்களில் மாதிரி எடுக்கப்பட்டது (n = 20).

இனம் ஏ.ரி 362, வீச்சு விதைப்பு. வேறு என்ன சொல்ல வேணும் என்றாலும் கேளுங்கோ.

செம்மண்

எனக்குப் பிழை தெரியுது. இரண்டு காரணி இருக்கேக்க "முழுத்தொகுதி வடிவமைப்பு" எண்டு எழுதக் கூடாது. அது ஒரு காரணிக்குத்தான். நீங்கள் "2 × 4 ஃபக்ரோரியல்" எண்டு மாத்தினால் மதிப்பாய்வாளர் விட்டிடுவார். n = 20 ஐ அப்பிடியே வச்சிருங்கோ, n பெரிசா இருந்தால் சின்ன வித்தியாசமும் பிடிபடும்.

பாண்டியன்குளம் விவசாயி

பிள்ளை, ரெண்டு முறையில எது நல்லது எண்டுதானே கேக்கிறீங்கள்? நான் சிறுபோகத்தில ரெண்டும் செய்து பாத்தனான். காயவிட்டுப் பாய்ச்சினால் குளத்தில தண்ணி மிஞ்சும், ஆனால் புல்லுக் கூட வரும், அதுக்கு மருந்தோ கூலியோ வேணும். ஒண்டு மட்டும் சொல்லுறன். காயவிட்ட வயலுக்குப் பக்கத்தில வெள்ளம் நிக்கிற வயல் இருந்தால், வரம்புக்குள்ளால ஊறிக் காயாமலே கிடக்கும். கால் வச்சாலே தெரியும்.

முத்தையன்கட்டுக் கரை

செம்மண் தம்பி சொன்னதில பாதி சரி. "ஃபக்ரோரியல்" எண்ட சொல் பந்தியில வரவேணும். ஆனால் அது பரிகரிப்புகளை எப்பிடிச் சேர்த்தீங்கள் எண்டதை மட்டுந்தான் சொல்லும், வயலில அதை எப்பிடிப் பிரிச்சுப் போட்டீங்கள் எண்டதைச் சொல்லாது. ஃபக்ரோரியலை முழுத்தொகுதி வடிவமைப்பிலயும் போடலாம், வேறு வடிவமைப்பிலயும் போடலாம். அதால அந்தச் சொல்லை மாத்தினால் மதிப்பாய்வாளரின்ர கேள்வி தீராது.

பிள்ளை, முதல்ல எனக்கு ஒரு விசயம் வேணும். சீட்டுக் குலுக்கினது எப்பிடி? 8 சேர்மானத்தையும் எட்டுச் சீட்டில எழுதி ஒவ்வொரு பிளொக்கிலயும் எட்டுத் துண்டுக்கும் எடுத்தனீங்களா? இல்லாட்டித் தண்ணிக்கு ஒருக்கா, பசளைக்கு ஒருக்கா எண்டு ரெண்டு தரம் குலுக்கினீங்களா? வயற் புத்தகத்தைத் திறந்து பாத்துச் சொல்லுங்கோ, ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

பயிர்_நிலா

ஐயா, புத்தகம் பக்கத்திலதான் இருக்குது. வாய்க்கால் தலைப்பில இருந்து கடைசி வரைக்கும் வயலைக் குறுக்காக நாலு பிளொக்காகப் பிரிச்சனாங்கள். ஒவ்வொரு பிளொக்குக்கும் நடுவில பெரிய வரம்பு போட்டு, அந்த வரம்புக்குள்ள 40 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் பொலித்தீன் இறக்கி, ரெண்டு பாதியாக்கினோம். எந்தப் பாதிக்கு வெள்ளம், எந்தப் பாதிக்குக் காயவிடுறது எண்டதை நாணயம் சுண்டிப் போட்டோம். பிறகு ஒவ்வொரு பாதிக்குள்ளயும் சின்ன வரம்பு கட்டி நாலு துண்டாக்கி, பசளைக்குச் சீட்டு எடுத்தோம். ஒவ்வொரு சின்னத் துண்டையும் தனி வரம்பால பிரிச்சு வெள்ளம், காய்ச்சல் எண்டு மாத்தி மாத்தி வைக்க ஏலாதே, அதுதான் இப்பிடிச் செய்தது.

முத்தையன்கட்டுக் கரை

இதுதான் விடை. நீங்கள் செய்தது ஸ்பிளிற் புளொட். தண்ணி பெரிய துண்டில, பசளை அதுக்குள்ள இருக்கிற சின்னத் துண்டில. செய்த விதம் நல்லது, வாய்க்காலுக்குக் குறுக்காகப் பிளொக் வெட்டினதும் சரி. பந்தியில எழுதினதுதான் வேற பரிசோதனை.

இது வெறும் பேர்ப் பிரச்சினை இல்லை. நாணயத்தை எத்தினை தரம் சுண்டினீங்கள்? நாலு. அப்ப தண்ணி முறைக்கு உங்களிட்ட இருக்கிறது நாலு சோடிப் பாதி, அவ்வளவுதான். முப்பத்திரண்டு துண்டும் தண்ணிக்குத் தனித்தனியா சாட்சி சொல்லாது, ஏனெண்டால் ஒரு பாதிக்குள்ள இருக்கிற நாலு துண்டும் ஒரே தண்ணியைத்தான் குடிச்சது. முழுத்தொகுதி வடிவமைப்பு எண்டு கணக்குப் போட்டால் பிழைக்கான சுயாதீனப் படி 21 வரும், தண்ணியையும் அதாலயே சோதிப்பீங்கள். ஸ்பிளிற் புளொட்டில தண்ணிக்கு 3, பசளைக்கும் இடைவினைக்கும் 18. 5 வீதத்தில தண்ணியின்ர எஃப் பெறுமானம் 21 இல 4.32 ஐத் தாண்டினால் போதும். 3 இல 10.13 ஐத் தாண்ட வேணும். கீழே வச்சுப் பிரிக்கிற பிழையும் வேற. உங்கட முடிவில "காயவிட்டதில விளைச்சல் குறைஞ்சது, வித்தியாசம் கருத்துள்ளது" எண்டு எழுதியிருந்தால், அந்த வரி நிக்காமப் போகக்கூடும்.

ஆனால் பசளைக்கு உங்கட பரிசோதனை கூர்மையானது. ஒரே பாதிக்குள்ளயே நாலு அளவையும் ஒப்பிடுறதால பாதிக்குப் பாதி இருக்கிற மண் வித்தியாசம் அதில ஏறாது. ஸ்பிளிற் புளொட்டின்ர குணமே இதுதான்: தண்ணியில விட்டதைப் பசளையில எடுக்கிறது.

ஆர் மென்பொருளில இப்பிடி வரும்:

```
d$N <- factor(d$N)
d$block <- factor(d$block)
aov(yield ~ water * N + Error(block/water), data = d)
```

`N` ஐ `factor` ஆக்காமல் எண்ணாகவே விட்டால் பசளைக்கு 3 சுயாதீனப் படிக்குப் பதிலா ஒண்டுதான் வரும், அதையும் கவனியுங்கோ. வெளியீட்டில `block:water` எண்ட பகுதிக்குக் கீழ மீதி 3 எண்டும் `Within` க்குக் கீழ 18 எண்டும் இருந்தால் சரி.

செம்மண்

நான் பாதிக்கு மேல பிழையா விளங்கியிருக்கிறன், நன்றி ஐயா. ஆனால் n = 20? ஒவ்வொரு துண்டிலயும் ஐஞ்சு இடத்தில நெல்லில வெடிச்ச மட்டம் எண்ணியிருக்கினம், நாலு ரெப். ஐந்நாலு இருபதுதானே?

முத்தையன்கட்டுக் கரை

ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம் எண்டு சொல்லுவினம். ஒரு பானையில இருந்து ஐஞ்சு சோறு எடுத்தாலும் அது ஒரு பானைதான் தம்பி. ஐஞ்சு இடத்தையும் சராசரியாக்கி ஒரு துண்டுக்கு ஒரு எண். ஒரு சேர்மானத்துக்கு n = 4. பந்தியில "ஐந்து இடங்களின் சராசரி புளொட்டின் பெறுமானமாகக் கொள்ளப்பட்டது" எண்டு எழுதினால் போதும்.

பிள்ளை, அடுத்தது பசளை. பந்தியில "நைதரசன் 100 கிலோ" எண்டு இருக்குது. 100 எண்ட துண்டுக்கு எத்தினை கிராம் யூரியா நிறுத்தனீங்கள்?

பயிர்_நிலா

மூண்டு தரம், தரத்துக்கு 40 கிராம். மொத்தம் 120 கிராம். எல்லாத் துண்டுக்கும் ரி.எஸ்.பியும் எம்.ஓ.பியும் ஒரே அளவு.

முத்தையன்கட்டுக் கரை

இப்ப கொஞ்சம் நிண்டு கணக்குப் பாருங்கோ. துண்டு 12 சதுர மீற்றர். 120 கிராமை 12 ஆல பிரிச்சால் சதுர மீற்றருக்கு 10 கிராம், அதாவது ஹெக்ரெயருக்கு 100 கிலோ. இது 100 கிலோ யூரியா. யூரியாவில 46 வீதந்தான் நைதரசன். நீங்கள் போட்டது 46 கிலோ நைதரசன். 100 கிலோ நைதரசன் போட வேணுமெண்டால் அந்தத் துண்டுக்கு 261 கிராம் நிறுத்திருக்க வேணும்.

அப்ப உங்கட நாலு அளவும் நைதரசனில 0, 23, 46, 69. இது பரிசோதனையைக் கெடுக்காது. ஆனால் பந்தியை இப்பிடியே விட்டால், "150 கிலோ நைதரசன் போட்டும் நெல் சாயவில்லை" எண்டு ஆரோ ஒராள் உங்கட கட்டுரையைக் காட்டி எழுதுவார். அவருக்குப் பின்னால ஒரு விவசாயி 326 கிலோ யூரியாவை வயலில கொட்டுவார்.

பயிர்_நிலா

ஐயா, எனக்குக் கை நடுங்குது. பசளைக் கணக்கை எங்களுக்குத் தந்த தாளில "நைதரசன் பரிகரிப்பு" எண்டு தலைப்பு, கீழ யூரியா நிறை. நான் தலைப்பை மட்டும் பந்திக்குள்ள கொண்டுபோயிருக்கிறன். நல்ல காலம் நிறையைப் புத்தகத்தில எழுதி வச்சது. முடிவுப் பகுதியில ரெண்டு வசனமும் ஒரு வரைபின்ர அச்சும் இப்ப மாத்த வேணும்.

கனகராயன்

இடையில குறுக்கிடுறதுக்கு மன்னிக்கோணும். என்ர கதை வேற. ஒட்டுசுட்டான் பக்கம் ஆறு விவசாயிகளின்ர தோட்டத்தில கச்சான் நடுகை இடைவெளி பாத்தனாங்கள். ஒவ்வொருத்தரிட்டயும் ரெண்டு இடைவெளி, ஒவ்வொண்டுக்கும் ஒரே ஒரு பாத்தி. ஒரு மதிப்பாய்வாளர் "மீள்செய்கையே இல்லை" எண்டு திருப்பி அனுப்பிட்டார். ஒவ்வொரு தோட்டத்திலயும் மூண்டு பாத்தி வைக்காட்டி இது பரிசோதனையே இல்லையா?

முத்தையன்கட்டுக் கரை

பரிசோதனைதான். உங்களுக்குத் தோட்டமே பிளொக். ஆறு தோட்டம், ஆறு மீள்செய்கை. ரெண்டு பாத்தியில எது எந்த இடைவெளி எண்டதை ஒவ்வொரு தோட்டத்திலயும் குலுக்கிப் போட்டிருந்தால் அது ஒழுங்கான முழுத்தொகுதி வடிவமைப்பு. பந்தியில "ஆறு விவசாயிகளின் வயல்கள் தொகுதிகளாகக் கொள்ளப்பட்டன" எண்டு வெளிப்படையா எழுதுங்கோ. ஒண்டை மட்டும் கோர வேண்டாம்: இடைவெளியின்ர பயன் தோட்டத்துக்குத் தோட்டம் மாறுதா எண்டதை இதால சொல்லேலாது, அதுக்குத்தான் ஒரு தோட்டத்துக்குள்ளயே மீள்செய்கை வேணும். நீங்கள் குலுக்கிப் போட்டீங்களா?

கனகராயன்

நாலு தோட்டத்தில குலுக்கினோம். ரெண்டு தோட்டத்தில வீட்டுக்காரர் சொன்ன பக்கத்தில போட்டோம். இதை எழுத வேணும் எண்டு இண்டைக்குத்தான் விளங்குது.

முல்லை எழுத்து

நான் கட்டுரைகளைச் செம்மை பார்க்கிறவள். பயிர்_நிலா, வடிவமைப்பு சரியானபின் பந்தியில் இன்னும் ஒரு இடைவெளி இருக்கிறது. "புளொட்டின் அளவு 12 சதுர மீற்றர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அறுவடை செய்தது முழுவதையுமா? ஓரத்து நெல் வெளிச்சமும் இடமும் கூடக் கிடைத்து வளரும், அதனால் பெரும்பாலும் ஓரத்தை விட்டுத்தான் வெட்டுவோம். விட்டிருந்தால் எவ்வளவு விட்டீர்கள் என்பது பந்தியில் வேண்டும். இல்லாவிட்டால் வாசகர் உங்கள் கிலோவை எந்தச் சதுர மீற்றரால் பிரிப்பார்?

வீச்சு விதைப்பு என்பதால் வரிசைகளை எண்ணி விட முடியாது. ஓரத்தைச் சென்ரிமீற்றரில் சொல்லுங்கள்.

பயிர்_நிலா

துண்டு 4 × 3 மீற்றர். நாலு பக்கமும் அரை மீற்றர் விட்டு உள்ளே 3 × 2 மீற்றர் வெட்டினோம், 6 சதுர மீற்றர். ஈரப்பதனை 14 வீதத்துக்குச் சரிப்படுத்தித்தான் விளைச்சல் கணக்கிட்டது. உதாரணத்துக்கு ஒரு துண்டில 19 வீத ஈரத்தில 2.9 கிலோ வந்தது. 2.9 ஐ 81 ஆல பெருக்கி 86 ஆல பிரிச்சால் 2.73 கிலோ, அதை ஹெக்ரெயருக்குக் கொண்டுபோனால் 4.55 தொன்.

முல்லை எழுத்து

இதையே எழுதுங்கள். கணக்கு வேண்டாம், "14 வீத ஈரப்பதனுக்குச் சரிப்படுத்தப்பட்டது" என்ற ஒரு தொடர் போதும். 12 ஐ மட்டும் எழுதியிருந்தால் 2.73 கிலோவை 12 ஆல் பிரித்து 2.28 தொன் என்று ஒருவர் வாசித்திருப்பார்.

பாண்டியன்குளம் விவசாயி

நான் முதல்ல கேள்வியைப் பிழையா விளங்கிட்டன், பறவாயில்லை. ஆனால் என்ர கேள்வி அப்பிடியே நிக்குது. காயவிட்ட பாதி உண்மையிலயே காய்ஞ்சதா? வாய்க்கால் கடைசியில இருக்கிற வயல் எங்கட பக்கம் ஒருக்காலும் காயாது, மேல்வயல் வடிச்சல் எல்லாம் அதுக்குள்ளதான்.

பயிர்_நிலா

அண்ணை, நீங்கள் கேட்டதுக்குப் பிறகுதான் குழாய்ப் பதிவைத் திருப்பிப் பாத்தன். ஒவ்வொரு காயவிட்ட பாதியிலயும் ஓட்டை போட்ட பி.வி.சி குழாய் ஒண்டு புதைச்சிருந்தோம். தண்ணி மட்டம் மண்ணுக்குக் கீழ 15 சென்ரிமீற்றருக்கு இறங்கினால் திரும்பப் பாய்ச்சி மேல 5 சென்ரிமீற்றர் நிறுத்துவோம். பூக்கிற நாட்களில மட்டும் காயவிடாமல் வெள்ளம் நிறுத்தியே வச்சிருந்தோம்.

முதல் மூண்டு பிளொக்கிலயும் 15 க்கு ஆறு தரம் இறங்கியிருக்குது. கடைசிப் பிளொக்கில மூண்டு தரம்.

இன்னொண்டும் சொல்ல வேணும், இதை நான் பந்தியிலும் எழுதவில்லை, ஐயாவுக்கும் சொல்லவில்லை. கடைசிப் பிளொக்கில நாணயம் தாழ்ந்த பாதியைக் காயவிடச் சொன்னது. வயற்காரர் "அது காயாது" எண்டார். நாங்கள் மாத்தி மேட்டுப் பாதியைக் காயவிட்டோம். அப்பிடி மாத்தியும் மூண்டு தரந்தான்.

முத்தையன்கட்டுக் கரை

சொன்னதுக்கு நன்றி பிள்ளை. இது பந்திக்குள்ள வர வேணும், ஒளிக்கக் கூடாது. தண்ணிக்கு உங்களிட்ட இருந்த நாலு குலுக்கில ஒண்டு இப்ப குலுக்கு இல்லை. மேட்டுப் பாதியை நீங்களே தெரிஞ்சு குடுத்திருக்கிறீங்கள். அந்தப் பிளொக்கில வித்தியாசம் வந்தால் அது தண்ணியாலயா மேட்டாலயா எண்டு பிரிக்கேலாது.

என்ர எண்ணம், நாலு பிளொக்கையும் வச்சிருங்கோ, மாத்தினதை ஒரு வசனத்தில எழுதுங்கோ, கடைசிப் பிளொக் இல்லாமல் ஒருக்காக் கணக்குப் போட்டு அதையும் சொல்லுங்கோ. பசளை ஒப்பீட்டை இது தொடாது, பாதிக்குள்ள சீட்டு ஒழுங்காத்தான் எடுத்திருக்கிறீங்கள்.

முல்லை எழுத்து

ஐயா, இதில் எனக்கு உடன்பாடில்லை. குலுக்கல் முறிந்த பிளொக்கை, அதுவும் காயவிடுதல் அரைவாசித் தடவைதான் நடந்த பிளொக்கை, தண்ணி ஒப்பீட்டில் வைத்திருப்பது சரியில்லை. தண்ணிக்கு மூன்று பிளொக், பசளைக்கு நான்கு என்று எழுதலாமே?

முத்தையன்கட்டுக் கரை

எழுதலாம் தங்கச்சி. ஆனால் மூண்டு பிளொக்கில தண்ணிக்குப் பிழைச் சுயாதீனப் படி 2 தான். 18.51 ஐத் தாண்ட வேணும். அது சோதனை எண்டதை விடப் பார்வை எண்டு சொல்லலாம். விளைச்சலைப் பாத்த பிறகு பிளொக்கை எடுக்கிறதும் எனக்குப் பயம், எடுத்ததால முடிவு நல்லா வந்தால் ஆர் நம்புவினம்? ரெண்டு கணக்கையும் காட்டினால் வாசிக்கிறவர் தீர்மானிப்பார்.

முல்லை எழுத்து

விளைச்சலைப் பார்க்க முன்னமே குழாய்ப் பதிவு இருந்தது, அதனால் இது விளைச்சலைப் பார்த்து எடுப்பதாகாது. எதைத் தெரிந்தாலும் காரணத்தைப் பந்தியில் வைக்க வேண்டும், அதில் இருவரும் ஒன்றுதான்.

பயிர்_நிலா

ரெண்டு பேரின்ர வாதத்தையும் வழிகாட்டிப் பேராசிரியருக்குக் காட்டப் போறன். இப்போதைக்கு நாலு பிளொக்கையும் வச்சு எழுதியிருக்கிறன்:

> பரிசோதனை கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடு நீர்ப்பாசனத்தின் கீழுள்ள விவசாயி ஒருவரின் வயலில் சிறுபோகத்தில் நடத்தப்பட்டது. 2 × 4 ஃபக்ரோரியல் பரிகரிப்புகள் நான்கு பிளொக்குகள் கொண்ட ஸ்பிளிற் புளொட் வடிவமைப்பில் இடப்பட்டன. பிளொக்குகள் வாய்க்கால் தலைப்பிலிருந்தான தூரத்தின்படி பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு பிளொக்கின் இரு பெரிய புளொட்டுகளுக்கும் நீர் முறைகள் (தொடர் வெள்ளம், நீர் மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. வரை பாய்ச்சுதல்) எழுமாற்றாக ஒதுக்கப்பட்டன. நான்காம் பிளொக்கில் வடிகால் காரணமாக இந்த ஒதுக்கீடு வயலில் மாற்றப்பட்டது. அங்கு 15 செ.மீ. மட்டம் மூன்று தடவையும் ஏனையவற்றில் ஆறு தடவையும் எட்டப்பட்டது. பெரிய புளொட்டுகள் 40 செ.மீ. ஆழத்துக்குப் பொலித்தீன் இறக்கிய வரம்பால் பிரிக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் நான்கு சிறு புளொட்டுகளுக்கு (4 × 3 மீ.) ஹெக்ரெயருக்கு 0, 23, 46, 69 கிலோ நைதரசன், யூரியாவாக மூன்று சம பங்குகளில், எழுமாற்றாக இடப்பட்டது. நாற்புறமும் 0.5 மீ. ஓரம் விட்டு 6 சதுர மீற்றர் அறுவடை செய்யப்பட்டு, விளைச்சல் 14 வீத ஈரப்பதனுக்குச் சரிப்படுத்தப்பட்டது. மட்ட எண்ணிக்கையில் ஐந்து இடங்களின் சராசரி ஒரு சிறு புளொட்டின் பெறுமானமாகக் கொள்ளப்பட்டது.

செம்மண்

இதை வாசிச்சு வயலை வரைஞ்சு பாத்தன், கீற முடியுது. முதல் பந்தியை வச்சுக் கீறேக்க எனக்கு வேற வயல் வந்தது.

பாண்டியன்குளம் விவசாயி

ஒண்டு குறையுது பிள்ளை. யூரியா போட்ட பிறகு துண்டுக்குத் துண்டு தண்ணி ஓடினதா? மேல்துண்டில போட்ட பசளை கீழ்த்துண்டுக்குப் போனால் 0 எண்ட துண்டு 0 இல்லை.

பயிர்_நிலா

ஒவ்வொரு சின்னத் துண்டுக்கும் பக்க வாய்க்காலில இருந்து தனி வாய் வச்சது அண்ணை, யூரியா போட்டு மூண்டு நாள் வாயடைச்சும் வச்சனாங்கள். ஆனால் சின்ன வரம்புகளுக்குள்ள பொலித்தீன் போடவில்லை. தனி வாயையும் அடைச்சதையும் பந்தியில சேர்க்கிறன், பொலித்தீன் இல்லாததையும் சேர்க்கிறன். 0 துண்டுகளில வரம்போரத்து நெல் கரும்பச்சையாக இருந்ததாக ரெண்டு இடத்தில குறிப்பு இருக்குது. அந்த ஓரம் வெட்டாமல் விட்ட அரை மீற்றருக்குள்ள முடியுதா எண்டு படங்களைப் பாத்துச் சொல்லுறன்.